எழுதியவர் தேர்ந்தெடுத்த பைட்டுகள்

2017 மே 12, வெள்ளிக்கிழமை அன்று வான்னாக்ரை உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறந்துவிடப் பிட்காயினில் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அன்று நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இந்தத் தீம்பொருளின் பரவும் பகுதி, வேலையைத் தொடங்குமுன் `www.iuqerfsodp9ifjaposdfjhgosurijfaewrwergwea.com` என்ற முகவரியை அழைத்துப் பார்க்கும். பதில் வந்தால் எதுவும் செய்யாமல் நின்றுவிடும். மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அந்த முகவரியைத் தன் பெயரில் பதிவு செய்ததும் பரவல் பெருமளவு அடங்கியது.

இரண்டு நாள் கழித்து இன்னொரு கோப்பு தென்பட்டது. அதில் முகவரி `iuqer` என்று தொடங்காமல் `iffer` என்று தொடங்கியது. யாரோ பழைய கோப்பைத் திறந்து, அந்த இடத்தில் இரண்டே இரண்டு பைட்டுகளை மாற்றியிருந்தார்கள். மூல நிரல் அவர்கள் கையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கிட்டத்தட்ட 37 லட்சம் பைட் கொண்ட கோப்பில் மற்றதெல்லாம் பழையபடியே இருந்தது.

கோப்புகளை அடையாளம் காண எளிய வழி, அவற்றின் ஹாஷ் மதிப்பைப் பட்டியலிட்டு வைப்பது. ஆனால் ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் முழுவதும் மாறிவிடும். ஹாஷ் பட்டியலை மட்டும் நம்பியிருந்தவருக்கு மே 14-ஆம் தேதிக் கோப்பு முன்பின் தெரியாத ஒன்று. பழைய முகவரியைத் தேடியவருக்கும் அதே நிலைதான். மாறாமல் இருந்த லட்சக்கணக்கான பைட்டுகளில் சரியான சிலவற்றைத் தேர்ந்து தேடியவருக்கோ அது அதே வான்னாக்ரை. அந்தத் தேர்வை எழுதிவைப்பதற்கான மொழிதான் யாரா. வைரஸ்டோட்டலில் பணியாற்றிய விக்டர் அல்வாரெஸ் உருவாக்கிய இந்தக் கருவி, ஒரு கோப்பில் எந்தச் சரங்கள், எந்த பைட் வரிசைகள் இருந்தால் அதை இன்ன குடும்பம் என்று சொல்லலாம் என்பதை விதியாக எழுத வைக்கிறது.

மொழியை ஒரு மாலைப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். எதைத் தேடுவது என்று முடிவு செய்வதுதான் கடினம். இந்த அத்தியாயம் அந்த முடிவைப் பற்றியது.

எந்தச் சரம் யாருடையது?

வான்னாக்ரையின் பரவும் பகுதி தன் வயிற்றில் இன்னொரு நிரலைச் சுமந்து செல்கிறது. அதன் பெயர் `tasksche.exe`, அளவு சுமார் 35 லட்சம் பைட். கோப்புகளைப் பூட்டும் வேலை இதன் வழியாகவே நடக்கிறது. இந்தக் கோப்பை `strings` என்ற கருவியில் கொடுத்தால், படிக்கத்தக்க எழுத்துகளையெல்லாம் அது வரிசையாகக் கொட்டும். பெரும்பாலானவை குப்பை. மிஞ்சுவதில் சிலவற்றைப் பார்ப்போம்.

முதலில் கண்ணில் படுவது `diskpart.exe`. இந்தத் தீம்பொருள், விண்டோஸுடன் வரும் வட்டுப் பிரிப்புக் கருவிபோலத் தன்னைக் காட்டிக்கொள்ள வைத்திருக்கும் பொய்ப் பெயர் இது. இதை விதியில் வைத்தால் உலகின் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் இருக்கும் உண்மையான `diskpart.exe` மாட்டிக்கொள்ளும். அடுத்தது `unzip 0.15 Copyright 1998 Gilles Vollant`. நீளமான, தனித்துவமான வரியாகத் தோன்றும். ஆனால் அது சுருக்கப்பட்ட கோப்புகளை விரிக்கும் ஒரு பொது நூலகத்தின் உரிமைக் குறிப்பு. அந்த நூலகத்தைப் பயன்படுத்திய எத்தனையோ நேர்மையான மென்பொருள்களிலும் அதே வரி இருக்கும். `Microsoft Enhanced RSA and AES Cryptographic Provider` என்பதும் அப்படித்தான். விண்டோஸின் மறையாக்கச் சேவையைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் இதைத்தான் எழுத வேண்டும்.

இனி வேறு வகை. `WNcry@2ol7` என்பது ஒரு கடவுச்சொல். `tasksche.exe` தனக்குள் ஒரு ஜிப் பொதியை வைத்திருக்கிறது. அதைத் திறக்கும் சொல் இது. `MsWinZonesCacheCounterMutexA` என்பது, ஒரே கணினியில் தன் இரண்டாவது பிரதி ஓடாமல் பார்த்துக்கொள்ள வைத்த அடையாளப் பெயர். `WANACRY!` என்பது பூட்டப்பட்ட கோப்புகளின் தொடக்கத்தில் எழுதப்படும் எட்டு பைட் முத்திரை. இவற்றை விண்டோஸும் கேட்கவில்லை, கம்பைலரும் கேட்கவில்லை, எந்த நூலகமும் கொண்டுவரவில்லை. எழுதியவர் ஏதோ ஒரு பெயர் வேண்டியிருந்த இடத்தில் தன் விருப்பப்படி வைத்தவை.

விதி எழுதுபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: இந்தச் சரத்தை இந்த இடத்தில் வைக்கும்படி எழுதியவரை ஏதாவது கட்டாயப்படுத்தியதா, அல்லது அவரே தேர்ந்தெடுத்தாரா? கட்டாயத்தால் வந்தது எல்லோரிடமும் இருக்கும். தேர்ந்தெடுத்தது அவரிடம் மட்டும் இருக்கும்.

ஜிப் பொதி இன்னொரு நன்மையும் செய்கிறது. கடவுச்சொல் போட்ட ஜிப்பில் கோப்புகளின் உள்ளடக்கம் மறைந்துவிடும், பெயர்கள் மறைவதில்லை. அதனால் பல்கேரிய மொழி மிரட்டல் கடிதத்தின் பெயரான `msg/m_bulgarian.wnry` பொதிக்கு வெளியிலிருந்தே வெளிப்படையாகப் படிக்கக் கிடைக்கிறது. `.wnry` என்ற பின்னொட்டும் எழுதியவரின் தேர்வே.

விதியைக் கட்டுதல்

```
rule WannaCry_2017
{
  strings:
    $s1 = "WNcry@2ol7" ascii fullword
    $s2 = "MsWinZonesCacheCounterMutexA" ascii
    $s3 = "msg/m_bulgarian.wnry" ascii
    $s4 = "WANACRY!" ascii
    $w1 = "icacls . /grant Everyone:F /T /C /Q" ascii
    $w2 = "attrib +h ." ascii
    $w3 = "tasksche.exe" ascii
  condition:
    uint16(0) == 0x5A4D and filesize < 10MB and
    ( 2 of ($s*) or (1 of ($s*) and 2 of ($w*)) )
}
```

சரங்களை இரண்டு வகையாகப் பிரித்திருக்கிறோம். `$s` என்று தொடங்குபவை வலுவானவை. `$w` என்று தொடங்குபவை பலவீனமானவை. `icacls` வரி ஒரு கோப்புறையின் அனுமதிகளை எல்லோருக்கும் திறந்துவிடுகிறது. `attrib` வரி கோப்புறையை மறைக்கிறது. இரண்டும் எந்தக் கணினி நிர்வாகியும் எழுதக்கூடிய கட்டளைகள். தனித்து நின்று அவை எதையும் நிரூபிக்காது, ஒரு வலுவான சரத்துக்குத் துணையாக வந்தால் மதிப்பு உண்டு. அதனால்தான் நிபந்தனையின் கடைசி வரி, வலுவானவற்றில் இரண்டு, அல்லது வலுவான ஒன்றும் பலவீனமான இரண்டும் என்று கேட்கிறது. எல்லாச் சரங்களும் இருந்தே ஆக வேண்டும் என்று எழுதியிருந்தால், அடுத்த பதிப்பில் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினாலும் விதி செத்துவிடும். ஏதாவது ஒன்று போதும் என்றால் பொய் எச்சரிக்கைகள் குவியும்.

`uint16(0) == 0x5A4D` என்பது கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளைப் பார்க்கிறது. விண்டோஸில் ஓடும் நிரல்கள் எல்லாம் `4D 5A` என்று தொடங்கும். யாரா அவற்றைக் கீழ்பைட் முதலாக எண்ணாக்கிப் படிப்பதால் விதியில் தலைகீழாகத் தெரிகிறது. இந்தச் சிறு வரி பெரிய தொல்லையைத் தவிர்க்கிறது. வான்னாக்ரையைப் பற்றிய ஆய்வறிக்கைகளிலும் பிறர் எழுதிய யாரா விதிகளிலும் மேற்கண்ட சரங்கள் எல்லாம் இருக்கும். இந்த வரி இல்லையென்றால், நோயைப் பற்றி எழுதியவரின் கோப்பும் நோயாகவே தெரியும்.

`ascii` என்ற குறிப்பையும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் நிரல்கள் பல சரங்களை எழுத்துக்கு இரண்டு பைட் என்ற முறையில் வைத்திருக்கும். அப்போது ஒவ்வொரு எழுத்துக்கும் அடுத்து ஒரு பூஜ்ய பைட் வரும். அத்தகைய சரத்துக்கு `wide` என்று எழுதாவிட்டால், கண்ணெதிரே இருக்கும் சரமும் கிடைக்காது. இதே `tasksche.exe` பூட்ட வேண்டிய கோப்பு வகைகளின் பட்டியலை அப்படித்தான் வைத்திருக்கிறது.

இந்த விதியை மே 14-ஆம் தேதிக் கோப்பின்மேல் ஓட்டிப் பார்த்தால் அது மாட்டும். மாற்றப்பட்ட முகவரி விதியில் எங்கும் இல்லை. உள்ளே சுமந்து செல்லும் `tasksche.exe` சுருக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. யாரா கோப்பின் எந்த மூலையில் இருந்தாலும் பைட்டுகளைப் பார்க்கும். ஆகவே ஒரே விதி சுமப்பதையும் சுமக்கப்படுவதையும் சேர்த்தே பிடிக்கிறது.

சரங்களுக்கு அடியில்

சரங்களை மாற்றுவது எளிது. எழுதியவர் ஒரு மணி நேரத்தில் எல்லாப் பெயர்களையும் மாற்றிவிடலாம். நிரலின் கட்டளைகளை மாற்ற வேண்டுமானால் வேலையையே வேறு விதமாக எழுத வேண்டும். பைட் வரிசைகளைத் தேடும் காரணம் இதுதான்.

இதற்கு வான்னாக்ரையின் வரலாற்றிலேயே சிறந்த உதாரணம் இருக்கிறது. 2017 மே 15 அன்று, கூகுளில் பணியாற்றிய நீல் மேத்தா ட்விட்டரில் இரண்டு ஹாஷ் மதிப்புகளையும் நான்கு நினைவக முகவரிகளையும் மட்டும் வெளியிட்டார். ஒரு ஹாஷ், 2017 பிப்ரவரியைச் சேர்ந்த வான்னாக்ரையின் முன்வடிவம். மற்றது 2015-ஐச் சேர்ந்த கான்டோபீ என்ற வேறொரு தீம்பொருள். அது லாசரஸ் என்ற குழுவோடு ஏற்கெனவே இணைத்துப் பேசப்பட்டது. முதல் கோப்பில் `0x402560`, இரண்டாவதில் `0x10004ba0` ஆகிய இடங்களில் தொடங்கும் கட்டளைகள் ஒன்றாக இருந்தன. அன்றே காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதை யாரா விதியாக வெளியிட்டது. அதன் முதல் வரிசை இது:

```
$code = { 51 53 55 8B 6C 24 10 56 57 6A 20
          8B 45 00 8D 75 04 24 01 0C 01 46
          89 45 00 C6 46 FF 03 C6 06 01 46
          56 E8 }
```

முப்பத்தைந்து பைட்டுகள். பார்க்க எண்களின் குவியல். படித்தால் ஒரு வேலை தெரிகிறது. `24 01 0C 01` ஒரு பைட்டை 1 ஆக்குகிறது, `89 45 00` அதை நினைவகத்தின் ஒரு பகுதியில் முதல் இடத்தில் வைக்கிறது. `C6 46 FF 03` அந்தத் தொடக்கத்திலிருந்து நான்கு பைட் தள்ளி 03 என்ற எண்ணை எழுதுகிறது. `C6 06 01` அதற்கடுத்த இடத்தில் 01 எழுதுகிறது. முன்பே `6A 20` மூலம் 32 என்ற எண் அடுக்கில் வைக்கப்பட்டுவிட்டது. கடைசியில் `E8` வேறொரு செயல்பாட்டை அழைக்கிறது.

டிஎல்எஸ் தெரிந்தவருக்கு இது உடனே புரியும். பாதுகாப்பான இணைய இணைப்பு தொடங்கும்போது கணினி அனுப்பும் முதல் செய்தி அப்படியே இதுதான்: வகை எண் 1, மூன்று பைட்டில் நீளம், பதிப்பாக 03 01, பிறகு 32 பைட் தற்போக்கு எண். டிஎல்எஸ் பேசுவதற்கு ஆயத்த நூலகங்கள் இருக்க, இதை எழுதியவர் அந்தச் செய்தியைக் கையாலேயே பைட் பைட்டாகக் கட்டியிருக்கிறார். செய்தியின் வடிவம் நெறிமுறையின் கட்டாயம். அதைக் கையால் கட்டுவது அவருடைய தேர்வு.

மேத்தா காட்டிய இரண்டாவது இடத்தில் ஓர் அட்டவணை இருந்தது. `03 00 04 00 05 00 06 00 08 00 09 00` என்று தொடங்கி நீளும் அது, இந்த இணைப்பில் பயன்படுத்தத் தயார் என்று சொல்லும் மறையாக்க முறைகளின் எண்கள். மொத்தம் 75 முறைகள் என்றும், அந்தக் குறிப்பிட்ட வரிசை லாசரஸின் கருவிகளிலும் வான்னாக்ரையிலும் மட்டுமே காணப்பட்டிருக்கிறது என்றும் சிமான்டெக் நிறுவனம் எழுதியது.

இதை இன்னோர் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். `tasksche.exe`-இல் `63 7C 77 7B F2 6B 6F C5` என்று தொடங்கும் 256 பைட் அட்டவணையும் இருக்கிறது. ஏஇஎஸ் மறையாக்கத்தின் மாற்றுப் பட்டியல் அது. புதிதாக விதி எழுதுபவர்கள் இந்த எட்டு பைட்டைப் பார்த்து மகிழ்ந்து எடுத்துக்கொள்வது உண்டு. ஆனால் ஏஇஎஸ்ஸைத் தானே கணக்கிடும் எத்தனையோ நிரல்களிலும், வங்கி மென்பொருளிலும்கூட, அதே பைட்டுகள் அதே வரிசையில் இருக்கும். ஒரு பைட் மாறினாலும் அது ஏஇஎஸ் ஆகாது. 75 முறைகளின் பட்டியல் அப்படியல்ல; எண்கள் பொதுவானவை, எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்பது எழுதியவர் கையில் இருந்தது. சரங்களுக்குக் கேட்ட அதே கேள்வி பைட்டுகளுக்கும் பொருந்துகிறது.

எங்கே இடம் விடுவது?

மேற்கண்ட பைட் வரிசை `E8` உடன் நின்றுவிடுகிறது. `E8`-க்கு அடுத்த நான்கு பைட்டுகள், அழைக்கப்படும் செயல்பாடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்பவை. ஒரு கோப்பில் இந்தக் கட்டளைகள் `0x402560`-இலும் இன்னொன்றில் `0x10004ba0`-இலும் இருக்கின்றன. சுற்றியுள்ள நிரல் வேறு, தூரமும் வேறு. அந்த நான்கு பைட்டையும் சேர்த்திருந்தால் விதி ஒரே கோப்பை மட்டும் பிடிக்கும். அழைப்பைத் தாண்டியும் தேட வேண்டுமானால் `E8 ?? ?? ?? ??` என்று எழுதிவிட்டுத் தொடரலாம். ஒவ்வொரு `??`-உம் எந்த பைட்டாகவும் இருக்கலாம் என்று பொருள். இடையில் சில கட்டளைகள் கூடலாம், குறையலாம் என்றால் `[4-8]` என்று நான்கு முதல் எட்டு பைட் வரை தாவலாம்.

இடம் விட வேண்டியவை, நிரலை மறுபடி கம்பைல் செய்யும்போது தாமாகவே மாறுபவை: தாவும் தூரங்கள், முழு நினைவக முகவரிகள், சில வேளைகளில் அடுக்கின் இடைவெளிகள். வைத்துக்கொள்ள வேண்டியவை, எழுதியவர் நினைத்து வைத்த எண்கள்: இங்கே 03, 01, 32. தயக்கத்தில் எல்லா இடத்திலும் `??` போட்டுவிட்டால் பொருள் கரைந்துவிடும், வேகமும் போய்விடும். யாரா ஒவ்வொரு வரிசையிலிருந்தும் அதிகபட்சம் நான்கு பைட் நீளமுள்ள உறுதியான துண்டைப் பொறுக்கி, எல்லா விதிகளின் துண்டுகளையும் ஒரே ஓட்டத்தில் தேடுகிறது. துண்டு கிடைத்த இடத்தில்தான் முழு வரிசையையும் சரிபார்க்கும். `8B ?? 24 ?? 56 ?? 6A ??` போன்ற வரிசையில் பொறுக்க நல்ல துண்டே இல்லை. பூஜ்யங்கள் மட்டுமே கொண்ட துண்டும் அப்படியே. அது எல்லாக் கோப்புகளிலும் ஆயிரக்கணக்கான இடங்களில் கிடைக்கும். அத்தகைய விதி தேடலை மெதுவாக்கும் என்று யாராவே எச்சரிக்கும்.

சோதனையும் எல்லைகளும்

எழுதிய விதியை இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும். விதி எழுதப் பயன்படுத்தாத அதே குடும்பத்து மாதிரிகளைத் தனியே வைத்திருந்து, அவை மாட்டுகின்றனவா என்று பார்ப்பது ஒரு பக்கம். ஒரே மாதிரியைப் பார்த்து எழுதிய விதி பெரும்பாலும் அந்த மாதிரியை மட்டுமே அறியும். சுத்தமான கோப்புகளின் பெரிய தொகுப்பில் ஓட்டி, எதுவும் மாட்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மறுபக்கம். புதிதாக நிறுவிய விண்டோஸின் கோப்புறையே தொடங்குவதற்குப் போதும்:

```
yara -r -s wannacry.yar C:\Windows
```

`-r` உட்கோப்புறைகளுக்கும் செல்லும். `-s` எந்தச் சரம் எந்த இடத்தில் பொருந்தியது என்று காட்டும். அதைப் படிக்காமல் விடக் கூடாது. மாதிரிகள் எல்லாம் மாட்டினாலும், ஒவ்வொரு தடவையும் பலவீனமான சரங்களின் துணையால்தான் மாட்டுகின்றன என்றால், விதி ஒரு மயிரிழையில் நிற்கிறது என்று அறியலாம்.

எவ்வளவு நல்ல விதியும் இல்லாத பைட்டைக் காணாது. கோப்பை யாராவது சுருக்கியோ மறையாக்கியோ பொதிந்துவிட்டால் சரங்களும் கட்டளைகளும் வட்டில் தெரியாது. வான்னாக்ரையிலேயே `t.wnry` என்ற கோப்புக்குள் உள்ள முக்கிய நிரல் மறையாக்கப்பட்டிருக்கிறது. அது ஓடும்போது நினைவகத்தில்தான் விரிகிறது. யாரா ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்தையும் தேடும். ஆனால் நாம் எழுதிய விதி அங்கே ஒருபோதும் பொருந்தாது. `filesize` என்பதற்கு நினைவகத்தில் பொருளே இல்லை; `uint16(0)` பூஜ்யம் என்ற நினைவக முகவரியைப் படிக்க முயலும், அங்கே எதுவும் இல்லை. சரங்கள் எல்லாம் இருந்தும் விதி மௌனமாக இருக்கும், பிழைச் செய்திகூட வராது. நினைவகத்துக்கு அந்த இரண்டு நிபந்தனைகளும் இல்லாத தனி விதி வேண்டும்.

இன்னோர் எல்லை, விதி சொல்வதற்கும் நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்வதற்கும் இடையில் இருக்கிறது. மேத்தா காட்டிய கட்டளைகள் பிப்ரவரி வடிவத்தில் இருந்தன. பிந்தைய வடிவத்தில் நீக்கப்பட்டுவிட்டன. ஆகவே அந்த 35 பைட்டைத் தேடும் விதி, மே மாதம் மருத்துவமனைகளைத் தாக்கிய வான்னாக்ரையைப் பிடிக்காது. வான்னாக்ரை அல்லாத கான்டோபீயைப் பிடிக்கும். இது விதியின் குறையல்ல. முதல் விதி இந்தக் கோப்பு வான்னாக்ரை என்கிறது. இரண்டாவது விதி, இந்தக் கோப்பை எழுதியவரிடம் அந்த மூல நிரல் இருந்தது என்கிறது. மூல நிரலைத் திருடவும் முடியும், பிறரைச் சிக்கவைக்க வேண்டுமென்றே நகலெடுக்கவும் முடியும். அதனால் காஸ்பர்ஸ்கியும் அன்று அந்தச் சாத்தியத்தைக் குறிப்பிட்டு, அது நடந்திருக்க வாய்ப்புக் குறைவு என்றே எழுதியது. 2018 செப்டம்பரில் அமெரிக்க நீதித்துறை வான்னாக்ரை தொடர்பாக வட கொரியர் ஒருவர்மீது வெளியிட்ட குற்றச்சாட்டு ஆவணம் இந்த அட்டவணை ஒற்றுமையையும் எடுத்துக்காட்டியது. ஆனால் மின்னஞ்சல் கணக்குகள், இணைய முகவரிகள் எனப் பல சான்றுகளோடு சேர்த்தே அதை வைத்தது.

எனவே விதியின் பெயரிலும் விளக்கத்திலும் அது எதை நிரூபிக்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். எந்த மாதிரியிலிருந்து பைட்டுகளை எடுத்தீர்கள், அவற்றை ஏன் எழுதியவரின் தேர்வு என்று கருதினீர்கள் என்பதையும் `meta` பகுதியில் பதியுங்கள். நள்ளிரவில் எச்சரிக்கை அடிக்கும்போது அந்த விதியை நம்பி ஒரு மருத்துவமனையின் கணினியை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் வேறொருவராக இருப்பார். அவருக்குத் தேவை அந்த இரண்டு வரிகள்.